சிவப்புப் பெட்டியின் கதை

எங்கள் கான்பன் பலகையின் மேல்வரிசைக்குப் பெயர் 'எக்ஸ்பெடைட்'. ஒரு திங்கட்கிழமை காலை அதில் ஏழு அட்டைகள், கீழே சாதாரண ஸ்விம்லேனில் நான்கு. அந்த ஏழில் எதை முதலில் எடுப்பது என்று முடிவெடுக்கவே ஒரு கூட்டம் நடந்தது. இந்த வரிசையை எதற்காக வரைந்தார்கள் என்று அன்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கையில் எடுத்தது, மென்பொருள் வேலைக்குக் கான்பனைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சனின் 2010ஆம் ஆண்டு நூல். அவசர வகைக்கு அவர் சொல்லும் விதி தெளிவானது: எந்த நேரத்திலும் ஒரே ஒரு அட்டைதான். அது வந்துவிட்டால் மற்றவர்கள் கையிலுள்ள வேலையை ஓரம் வைத்துவிட்டு உதவலாம், வேலை வரம்பையும் மீறலாம். கெடு தேதி உள்ள வேலைகளை அவர் இதில் சேர்க்கவில்லை. அவை தனி வகை.

இன்னும் பின்னே போனால் டொயோட்டா. யாசுஹிரோ மோண்டன் 1983இல் எழுதிய நூலில் 'எக்ஸ்பிரஸ் கான்பன்' என்ற அட்டை வருகிறது. ஒரு பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் மட்டுமே அது வெளியே வரும். சிவப்புப் பெட்டியில் போட்டு, பொத்தானை அழுத்தினால், அந்தப் பாகத்தைச் செய்யும் இடத்தில் விளக்கு எரியும். தொழிலாளி உடனே செய்து தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நான் நெடுநேரம் நின்றது இந்த வரியில்தான். அந்த அட்டை தங்குவதற்காகப் பிறந்ததல்ல.

எங்கள் பலகைக்குத் திரும்பி வந்து ஏழு அட்டைகளையும் ஒரே கேள்வியால் சலித்தோம்: இதை நாளைக்குத் தள்ளினால் நாளைக்குள் எதை இழப்போம்?

பணம் செலுத்தும் பக்கம் சிலருக்கு நின்றுபோயிருந்தது. மணிக்கு மணி ஆர்டர்கள் கைநழுவின. அது மேலேயே இருந்தது. ஜிஎஸ்டி படிவ மாற்றத்துக்குக் கெடு 20ஆம் தேதி, அன்று 9. அத்தகைய அட்டை எங்களிடம் வழக்கமாக எட்டு நாளில் முடியும். 12ஆம் தேதிக்குள் கையில் எடுத்தால் போதும் என்பதால் தேதியை எழுதிக் கீழே இறக்கினோம். மீதி ஐந்தில் ஒருநாள் தாமதத்தால் எந்த இழப்பும் இல்லை. கேட்டவர்கள் பெரிய பதவியில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

முந்திப் போகும் அட்டைக்கும் விலை உண்டு. பணப் பக்கத்தைச் சரிசெய்ய இருவர் கையிலிருந்த வேலையை நிறுத்தியதில், மூன்று அட்டைகள் இரண்டு நாள் அசையாமல் கிடந்தன. அந்த நாட்களை அட்டையிலேயே குறித்து வைத்தோம்.

இப்போது மேல்வரிசையின் வரம்பு ஒன்று. உங்கள் பலகையில் அந்த வரிசை பெரும்பாலான நாட்கள் காலியாக இல்லையென்றால், அங்கே நடப்பது அவசரமல்ல. சாதாரண வரிசை மெதுவாக நகர்கிறது. சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.