கைவீச்சு + விநாடி: என் தோள்பட்டை கத்துக்கொடுத்த கணக்கு

நீச்சல் அடிக்கிறவங்க, அதுவும் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கிட்டு அடிக்கிறவங்களுக்காக இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ எடுத்து வெச்சுக்கிட்டுப் படிங்க.

நீந்தி முடிச்சு வாட்சைப் பார்த்தா தூரம், நேரம், கலோரி எல்லாம் போக SWOLF என்று ஒரு எண் வரும். ஸ்விம்மிங், கால்ஃப் ரெண்டையும் ஒட்டவெச்ச பேர். கால்ஃபில் எத்தனை குறைவான அடியில் முடிக்கிறோமோ அத்தனை நல்லது. இதுவும் அப்படித்தான். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எத்தனை கைவீச்சு, எத்தனை விநாடி, ரெண்டையும் கூட்டினால் ஸ்வோல்ஃப். 24 வீச்சு, 32 விநாடி என்றால் 56. அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததுக்குக் காரணம் வேகமில்லை, வலி. வலது தோள்பட்டை. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் சுருக்குன்னு பிடிக்கும், அதைத் தாண்டினா விட்டுடும். நோயாளி வந்து சொல்லியிருந்தா அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்: தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஓடுற தசைநார் உரசுது, கொஞ்ச நாள் நீச்சலைக் குறைங்கன்னு. நமக்குன்னு வந்தா நாம எங்கே கேக்குறோம்? 

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 மீட்டர் குளத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் 40 லெங்த். லெங்த்துக்கு 24 வீச்சு. மொத்தம் 960. அதில் வலது கைக்கு மட்டும் 480. ஒரே மூட்டு, ஒரே அசைவு, 480 தடவை. லெங்த்துக்கு மூணு வீச்சு குறைஞ்சாலே கிலோமீட்டருக்கு அந்தத் தோளுக்கு 60 தடவை மிச்சம். ஸ்வோல்ஃபைக் குறைச்சா தோள் பிழைச்சுக்கும்னு முடிவு பண்ணேன். முடிவு பாதி சரி, பாதி தப்பு. எங்கே தப்புன்னுதான் சொல்லப் போறேன்.

முதல்ல எண்ணும் முறை. நான் எண்ணுறது ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு கையும் தண்ணிக்குள் நுழையும்போது ஒண்ணு. வலது ஒண்ணு, இடது ரெண்டு. நேரம், கால் சுவரை உதைக்கிற நொடியிலிருந்து கை மறுசுவரைத் தொடுற வரை. கார்மின் மாதிரி வாட்சுகள் அது கட்டியிருக்கிற கையின் சுற்றை மட்டும்தான் எண்ணும். அதனால் நான் 24 என்று எண்ணும் இடத்தில் வாட்ச் 12 காட்டும், என் 56 அங்கே 44 ஆயிடும். உங்க நண்பர் 42, நீங்க 55 என்று மனசு ஒடிஞ்சு போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் எப்படி எண்ணுறீங்கன்னு கேட்டுக்கோங்க.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரு காலையில், கூட்டமில்லாத நேரமா பார்த்து, நாலு நாலு லெங்த்தா மூணு விதமா நீந்தினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூணு நிமிஷம் ஓய்வு. ஒவ்வொரு நாலு லெங்த் முடிஞ்ச உடனே கழுத்தில் விரல் வெச்சு 10 விநாடிக்கு நாடித்துடிப்பு. (ஒரு பக்கம் மட்டும் வையுங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது.)

முதலாவது, வழக்கமா நீந்துற மாதிரி. 24 வீச்சு, 32 விநாடி. 56. நாடி 10 விநாடிக்கு 22, அதாவது நிமிஷத்துக்கு 132.

ரெண்டாவது, வீச்சைக் குறைக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு. ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு கையை முன்னால் நீட்டி, அப்படியே மிதந்து, வேகம் குறையிற வரை காத்திருந்து அடுத்த கை. 19 வீச்சு! சந்தோஷமா நேரத்தைப் பார்த்தா 37 விநாடி. கூட்டினால் மறுபடியும் 56. நாடி அதே 22.

மூணாவது, அடிச்சுப் பிடிச்சு. 29 வீச்சு, 28 விநாடி. 57. நாடி 27. நிமிஷத்துக்கு 162, மூச்சு வாங்குது, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

56, 56, 57. எண்ணை மட்டும் பார்த்தா மூணும் ஒரே நீச்சல். உடம்பைக் கேட்டா மூணுக்கும் சம்பந்தமே இல்லை. 

ஏன் இப்படி? ஒரு வீச்சையும் ஒரு விநாடியையும் நாம சமமா வெச்சுக் கூட்டுறோம். அப்படி வெச்சதுக்கு உடலியலில் எந்தக் காரணமும் கிடையாது, கூட்ட வசதியா இருக்கு, அவ்வளவுதான். இன்னொண்ணு, அந்தக் கூட்டலில் உழைப்பு எங்கேயும் இல்லை. தண்ணியின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதைத் தள்ளிக்கிட்டுப் போகத் தேவைப்படும் திறன் கிட்டத்தட்ட வேகத்தின் கனத்தோடு ஏறும். நாலு விநாடி குறைச்சதுக்கு என் இதயம் கொடுத்த விலை அதுதான். 

ரெண்டாவது முறையில் மெதுவா போயும் நாடி ஏன் குறையலை? மிதந்து மிதந்து வேகத்தை விட்டுட்டு, ஒவ்வொரு வீச்சிலும் உடம்பை மறுபடி முடுக்குறோம். டவுன் பஸ் மாதிரி. நின்னு நின்னு கிளம்பினா டீசல் அதிகம்தான் ஆகும். தோளுக்கும் அது நல்லதில்லை: வீச்சு 19 தான், ஆனா ஒவ்வொண்ணிலும் இழுக்கிற பாரம் கூடுதல். அன்னிக்கு ராத்திரி வலி அதிகமாத்தான் இருந்தது.

ஆக, ஸ்வோல்ஃப் தனியா எதையும் சொல்லாது. வீச்சு, விநாடி ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும், பக்கத்தில் நாடியையும் வெச்சுக்கணும். நாடி ஏறாம எண் குறைஞ்சா மட்டுமே திறன் கூடியிருக்கு. பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு நாடி இந்த வேலைக்கு உதவாது, மருந்தே அதை அமுக்கி வெச்சிருக்கும். அவங்க, சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் மூச்சு முட்டாம பேச முடியுதான்னு பாருங்க.

இப்போ நான் செய்த முட்டாள்தனம். இதைச் சொல்லத்தான் இந்த இழையே ஆரம்பிச்சேன்.

எண்ணைக் குறைக்க ஒரு குறுக்கு வழி கிடைச்சது. சுவரை பலமா உதைச்சு, தண்ணிக்கடியிலேயே டால்பின் மாதிரி காலடிச்சு 10 மீட்டர் போயிட்டா, மிச்சம் 15 மீட்டருக்கு மட்டும் வீசினால் போதும். அதிலும் மூச்சுக்குத் தலையைத் திருப்பினா வேகம் குறையுதுன்னு, முன்னாடியே வேக வேகமா பத்து மூச்சு இழுத்துக்கிட்டு, தலையைத் திருப்பாமலேயே போறது. 18 வீச்சு, 30 விநாடி. 48! ஒரே நாளில் எட்டு குறைஞ்சிடுச்சு. மூணாவது லெங்த்தில் பார்வையின் ஓரம் கருக ஆரம்பிச்சது. பக்கத்துப் பாதையின் கயிற்றைப் பிடிச்சேன். 

மூச்சு விடணும்னு தோணுறது ஆக்சிஜன் குறையிறதால் இல்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறுறதால்தான் பெரும்பாலும். வேக வேகமா மூச்சு இழுத்தா ஆக்சிஜன் பெரிசா கூடாது. ஆனா கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிடும். அப்புறம் தண்ணிக்குள் போனா, "மூச்சு விடு" என்ற எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடும். சத்தமில்லாம, போராட்டமில்லாம. நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க இடுப்பளவு தண்ணியில் இறந்துபோறது இப்படித்தான். இது தெரிஞ்ச டாக்டர்தான் ஒரு எண்ணுக்காக இதைச் செய்தேன். நீங்க செய்யாதீங்க.

இன்னொன்றையும் கவனிங்க. அந்த 48-இல் என் கைவீச்சு கொஞ்சம்கூட மேம்படலை. வழக்கமா உதைச்சுக் கிளம்பினா 5 மீட்டர் போவேன், மீதி 20 மீட்டருக்கு 24 வீச்சு. ஒரு வீச்சுக்கு 83 சென்டிமீட்டர். 10 மீட்டர் உள்ளே போனபோது மீதி 15 மீட்டருக்கு 18 வீச்சு. அதே 83. குறைஞ்சது வீச வேண்டிய தூரம்தான். 

இதனால்தான் குளத்துக்குக் குளம் ஸ்வோல்ஃபை ஒப்பிட முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் 18 மீட்டர் குளத்தில் பெரும்பங்கை உதைப்பே பார்த்துக்கும். 50 மீட்டர் குளத்து எண்ணைப் பாதியாக்கி 25-க்கு ஒப்பிடுறதும் தப்பு, அங்கே ஒரு உதைப்பு குறையுது. 

உயரத்தையும் மறந்துடாதீங்க. ஆறடி ஆளின் எண்ணை ஐந்தடி ஆள் துரத்தக் கூடாது. ஜேனட் எவன்ஸ் உயரம் குறைவு, காற்றாடி மாதிரி படபடன்னு கை வீசுவார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவர் போட்ட 4:03.85 உலக சாதனையா 2006 வரை நின்னுச்சு. அவரைப் போய் வீச்சைக் குறைன்னு சொல்ல முடியுமா?

அப்புறம் எனக்கு எது உதவிச்சு? ஒரு பயிற்சியாளர் ரெண்டு லெங்த் பார்த்தார். "சார், முன்னாடி என்ன பார்க்கிறீங்க? சுவர் எங்கேயும் ஓடிடாது"ன்னார். தலையைத் தூக்கி முன்னால் பார்த்ததால் இடுப்பும் காலும் கீழே தொங்கி, நான் சாய்வா தண்ணியைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கேன். ரெண்டாவது, வலது கை மூக்கைத் தாண்டி இடது பக்கம் நுழையுது. அந்த நிலையில் மேற்கை எலும்பு உள்பக்கமா திரும்பி, தசைநார் உரசுற இடைவெளி இன்னும் இறுகும். என் வலியின் முகவரி அதுதான். 

தலையைக் குனிஞ்சு குளத்தின் தரையைப் பார்க்கிறது, தண்ணிக்குள்ளேயே மூச்சை விட்டுக்கிட்டே இருக்கிறது, கையைத் தோளுக்கு நேரா நுழைக்கிறது. ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும், நாலு நாலு லெங்த். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செய்ததுன்னு தெரியாது. ஆறு வாரத்தில் 21 வீச்சு, 31 விநாடி. 52. நாடி அதே 22. குறுக்கு வழியின் 48-ஐ விட இந்த 52-ஐ நம்புறேன்.

தோளுக்கு நிஜமா உதவினது இன்னொரு பழக்கம். களைப்பு வரும்போது பலருக்கு நேரம் உடனே ஏறாது, முதல்ல வீச்சுதான் ஏறும். அதே 31 விநாடிக்கு 21, 22, அப்புறம் 24. கை தண்ணியைப் பிடிக்காம வழுக்குது, அதை ஈடுகட்ட வேகமா சுத்துறோம். நேரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. தோளுக்குத் தெரியும். அதனால் என் வழக்கமான எண்ணைவிட மூணு கூடி, அது அடுத்தடுத்து ரெண்டு லெங்த் நீடிச்சா ஓய்வு. ஓய்வுக்குப் பிறகும் இறங்கலைன்னா அன்னிக்கு அவ்வளவுதான், துண்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். போன செவ்வாய் 22-வது லெங்த்திலேயே கிளம்பிட்டேன். முந்தின ராத்திரி டூட்டி, தூக்கமில்லை. 

தோள் இப்போ கையைத் தூக்கும்போது பிடிக்கிறதில்லை. அந்தப் பக்கம் படுத்தா மட்டும் லேசா தெரியும். வலி ராத்திரியில் எழுப்புற அளவுக்கு இருந்தாலோ, கையைத் தானா தூக்கவே முடியலைன்னாலோ வீச்சு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்க.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பத்தி நாலு பேர் இன்பாக்ஸில் கேட்டிருக்கீங்க. அதில் ஒவ்வொரு வீச்சிலும் மிதந்து போறதே முறை, அதனால் எண்ணைத் தனியா எழுதி வைங்க, ஃப்ரீஸ்டைலோடு கலக்காதீங்க. முழங்கால் வலி உள்ளவங்களுக்கு அந்த உதை பத்தி வேற ஒரு இழை எழுதணும்.