காணாமல் போன இரண்டு மாலைகள்



பேத்தி இந்த வருடம் கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பது உறவினர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் கடலை மிட்டாய்த் துண்டு ஒன்றைத் தின்று முகம் வீங்கி, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போன வாரம் மெஸ் சுவரில் ஒட்டியிருந்த வாரப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பி, "எந்தெந்த வேளையில கடலை வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க தாத்தா" என்றாள்.

படத்தில் தேட முடியாது. அதனால் கூகுள் ஷீட்டில் கிழமை, வேளை, பண்டம் என்று மூன்று பத்தி போட்டேன். ஒரு வரிக்கு ஒரே பண்டம். "திங்கள், காலை, இட்லி" ஒரு வரி; "திங்கள், காலை, சாம்பார்" அடுத்த வரி. படத்திலிருந்து எழுத்தைத் தானாக எடுக்கும் வசதி போனில் இருக்கிறது. ஆனால் அது கட்டங்களைக் கவனிக்காமல் குறுக்கே வாசித்து, காலை இட்லியை மதியப் பொரியலோடு சேர்த்துவிட்டது. கையால் அடிப்பதே நிம்மதி.

முடித்ததும் பழைய புத்தி, வருகைப் பதிவேடு எடுத்தேன். ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை, மொத்தம் 28 இருக்க வேண்டும். 26தான் வந்தது. செவ்வாய் மாலையும் வியாழன் மாலையும் ஆப்சென்ட்!

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாலைப் பத்தியில் செவ்வாய் முதல் வியாழன் வரை கோடே இல்லை. மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே நீளக் கட்டம். அதன் நடுவில் "வேர்க்கடலை சுண்டல்" என்று எழுதியிருந்தது. நடுவில் இருந்ததால் புதன்கிழமைக்கு நேராகத் தெரிந்தது, நானும் புதனுக்கு மட்டும் எழுதிவிட்டேன். எண்ணிப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் அவள் செவ்வாயன்றே சாப்பிட்டிருப்பாள். கை நடுங்கிப் போயிற்று.

இரண்டு வரிகளையும் சேர்த்துவிட்டு "கடலை" என்று தேடினேன். கொண்டைக்கடலைக் குழம்பும் வந்தது. அது அவளுக்கு ஒன்றும் செய்யாது, சிறு வயதிலிருந்தே சாப்பிடுகிறாள். வர வேண்டியது வரவில்லை. புளியோதரையிலும் எலுமிச்சை சாதத்திலும் தாளிப்பில் வேர்க்கடலை போடுவார்கள், பெயரில் அது இருக்காது. வெறுமனே "சட்னி" என்று நான்கு இடத்தில் இருந்தது. என்ன சட்னி? ஊகித்து நிரப்பாமல், பட்டியலில் உள்ளபடியே வைத்து, நான்காவது பத்தியில் "சமையற்காரரிடம் கேள்" என்று குறித்து அனுப்பினேன். கேட்டிருக்கிறாள். தேங்காய் குறைந்த நாளில் சட்னிக்கு வேர்க்கடலை சேர்ப்போம் என்றாராம். அந்த நான்கு வரியும் சிவப்பு.

செவ்வாய் சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது: "சுண்டல்தான் தாத்தா. நான் வாழைப்பழம் வாங்கிக்கிட்டேன்."