எல்லா பில்லும் நாலாம் தேதி

பல ஊர்க் கிளைகளிலிருந்து வரும் கணக்குகளை ஒரே ஏட்டில் சேர்ப்பது என் வேலை. மதுரையிலிருந்து விற்பனைப் பதிவேடு சி.எஸ்.வி. கோப்பாக வரும். கொழும்பிலிருந்து லெட்ஜரின் நகல் வரும். நியூ ஜெர்சி அலுவலகம் பி.டி.எஃப். அனுப்பும். மூன்றிலும் 03/04/2024 என்று ஒரு தேதி இருந்தால், முதல் இரண்டு ஊரிலும் அது ஏப்ரல் 3, நியூ ஜெர்சியில் மார்ச் 4. கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. அது எந்தக் கிளையின் தாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாளும் மாதமும் 12-க்குள் அடங்கும் தேதிகள் ஓர் ஆண்டில் 144. அவற்றில் 12 தேதிகளில் இரண்டும் ஒரே எண் என்பதால் தொல்லையில்லை. மீதி 132 தேதிகளை இரண்டு விதமாகவும் படிக்கலாம். மற்ற தேதிகளை ஒரு விதமாக மட்டுமே படிக்க முடியும். ஆபத்து இந்தக் கலப்பில்தான் இருக்கிறது. எல்லாத் தேதியும் தவறாகப் போனால் யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தவறினால் கண்ணில் படாது.

மதுரையின் ஏப்ரல் மாதப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு பில், எண் வரிசையாக ஏறுகிறது. அந்தக் கோப்பை, அமெரிக்க முறையில் தேதி அமைக்கப்பட்ட கணினியில் எக்செல் திறந்தால், 01/04/2024 ஜனவரி 4 ஆகிவிடும். 02/04 பிப்ரவரி 4, 03/04 மார்ச் 4. ஏப்ரல் 4 மட்டும் தப்பிக்கும். இப்படியே போய் 12/04 டிசம்பர் 4 ஆகும். 13/04 வரும்போது பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே மேலே உள்ள பன்னிரண்டு வரிகள் கட்டத்தின் வலது ஓரத்திலும், கீழே உள்ளவை இடது ஓரத்திலும் ஒட்டி நிற்கும். அதோடு, பன்னிரண்டு பில்லும் மாதத்துக்கு ஒன்றாக நாலாம் தேதியிலேயே போட்டதாகத் தெரியும். எந்தக் கடையும் அப்படி வியாபாரம் செய்வதில்லை. முதல் மூன்று பில்களின் விற்பனை போன நிதியாண்டுக்குப் போய்விட்டிருக்கும், ஏப்ரலுக்குப் பிந்திய எட்டும் இன்னும் வராத மாதங்களில் உட்கார்ந்திருக்கும்.

பைத்தானின் `dateutil.parser.parse` இதைவிடச் சத்தமில்லாமல் செய்யும். அதற்கு `03/04/2024` கொடுத்தால் மார்ச் 4 என்று படிக்கும். அடுத்த வரியில் `13/04/2024` கொடுத்தால் பிழை எதுவும் சொல்லாமல் ஏப்ரல் 13 என்று படிக்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டு முறை! எக்செல்லிலாவது வலது இடது ஒட்டல் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த அடையாளமும் கிடையாது.

அதனால் தேதியை வரி வரியாகத் தீர்மானிக்க நான் விடுவதில்லை. ஒரு கோப்பின் தேதி நெடுவரிசை முழுவதையும் முதலில் எழுத்தாகவே படித்துக்கொள்வேன். அதில் எங்காவது முதல் எண் 12-ஐத் தாண்டினால் நாள் முதலில் வருகிறது, இரண்டாம் எண் தாண்டினால் மாதம் முதலில் வருகிறது. அந்த ஒரு சான்றே நெடுவரிசை முழுவதற்கும் விதியாகிறது. இரண்டு வகைச் சான்றும் ஒரே கோப்பில் கிடைத்தால், அது இரண்டு பேர் தட்டச்சு செய்த கோப்பு, அல்லது வழியில் எங்கோ எக்செல் ஏற்கெனவே கை வைத்த கோப்பு. அதைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு மூலத்தைக் கேட்பேன். எந்தச் சான்றும் இல்லாத சின்னக் கோப்பானால் பில் எண் வரிசையில் அடுக்கிப் பார்ப்பேன். சரியான வாசிப்பில் தேதிகள் பின்னோக்கிப் போகாது, பில்லுக்குப் பில் ஒரு மாதம் தாவவும் செய்யாது. விதி தெரிந்தபின் எல்லாவற்றையும் 2024-04-03 என்ற வடிவில் எழுதிக்கொள்வது ஒரு நிமிட வேலை.

தொகைகளிலும் இதே கதைதான், ஆனால் கேடு பெரிது. 1,25,000 என்றாலும் 125,000 என்றாலும் கமாவை நீக்கினால் ஒரே எண், அதனால் லட்ச முறையும் மில்லியன் முறையும் கலந்து வருவது தன்னளவில் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் எண்ணுக்கு முன்னால், ரூபாய்க் குறியோடு ஒட்டி நிற்கும் சின்னப் புள்ளிதான் முதல் கண்ணி. எண்ணும் புள்ளியும் தவிர மற்றதை நீக்கு என்று பலரும் எழுதும் வரி இது:

```
re.sub(r"[^0-9.]", "", "Rs.1,25,000/-")
```

விடையாக `.125000` வரும். ஒன்றேகால் லட்சம் ரூபாய் பன்னிரண்டரைப் பைசாவாகிவிட்டது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். நாணயக் குறியை அதன் புள்ளியோடு சேர்த்து முதலில் எடுத்த பிறகே எண்ணைத் தொட வேண்டும். எடுத்த குறியையும் வீசிவிடக் கூடாது. ஆனால் அதை மட்டும் நம்பவும் கூடாது, ஏனென்றால் கொழும்பும் `Rs.` என்றே எழுதுகிறது. INR என்றோ LKR என்றோ போடுவதைக் கிளைப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்கிறேன். இந்த இடத்தில் மாற்று விகிதம் போட்டு ஒரே நாணயமாக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். போட்டால் பிறகு கிளையின் கணக்கோடு எதையும் ஒப்பிட முடியாது.

கமாவை நீக்கும் முன் ஒருமுறை அதைப் படிக்கவும் வேண்டும். வருடப்பட்ட வவுச்சர்களில் ₹ குறியை எழுத்துணரி சில சமயம் 2 என்றோ 7 என்றோ வாசித்துவிடும். ₹12,500 என்பது 212,500 ஆகிவிட்டால், லட்ச முறையில் எழுதும் மதுரைக் கிளை அதை 2,12,500 என்றுதான் எழுதியிருக்கும் என்பதால் கமாவின் இடமே பிழையைச் சொல்லிவிடும். ₹1,25,000 என்பது 21,25,000 ஆனால் கமா சரியாகவே இருக்கும், அங்கே இந்தச் சோதனை உதவாது. வவுச்சரில் எழுத்தால் எழுதிய தொகை ஒன்றே துணை. அதையும் வாசித்து ஒப்பிடாமல் வருடப்பட்டு வந்த வவுச்சர் எதையும் நான் ஏற்பதில்லை.

Cr என்ற இரண்டெழுத்து இன்னொரு கண்ணி. கிளைச் சுருக்க அறிக்கையில் 2.50 Cr என்றால் இரண்டரைக் கோடி. லெட்ஜரில் 2,50,000.00 Cr என்றால் இரண்டரை லட்சம் வரவுப் பக்கம் நிற்கிறது. இதைக் கோடியால் பெருக்கிய கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே நெடுவரிசையில் ஓரிடத்திலாவது Dr இருந்தால் Cr வரவுதான். இங்கும் நெடுவரிசை முழுவதையும் பார்த்தால்தான் ஒரு கட்டத்தின் பொருள் புரிகிறது.

தலைப்பில் மட்டும் ‘ரூ. லட்சத்தில்’ என்று போட்டுவிட்டு உள்ளே 48.75 என்று அச்சிடும் அறிக்கைகளில், இரண்டாம் பக்கத்தில் தலைப்பு திரும்ப வராது. பக்கம் பக்கமாகப் பிரித்து எடுத்தால் அந்த நாற்பத்தெட்டே முக்கால் லட்சம் 48 ரூபாய் 75 பைசாவாகிவிடும். அலகை அறிக்கை முழுவதற்கும் சொந்தமாக்கி, ஒவ்வொரு வரியோடும் எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்து 48,75,000 என்று விரித்த பிறகும் அது முழுத் துல்லியமான எண் ஆகிவிடாது. லட்சத்தில் இரண்டு தசம இடம் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு முழுமையாக்கிய தொகை. உண்மையான தொகை 48,74,500-க்கும் 48,75,500-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். லெட்ஜரோடு 320 ரூபாய் வித்தியாசம் வந்தால் அதைத் தேடி ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டாம். 3,200 வந்தால் கட்டாயம் தேட வேண்டும். அதனால் எந்தத் தொகை முழுமையாக்கப்பட்டது என்பதற்கும் ஒரு குறிப்பை வைத்திருக்கிறேன்.

ஆக ஒவ்வொரு வரியிலும் மாற்றிய தேதி, மாற்றிய தொகை, நாணயம் ஆகியவற்றின் பக்கத்தில், கிளை எழுதியபடியே உள்ள மூல எழுத்தும், கோப்பின் பெயரும், பக்க எண்ணும் நிற்கும். கோப்பு பெருக்கிறது என்று மூல எழுத்தை நீக்கச் சொல்பவர்களிடம் நான் இணங்கியதே இல்லை. கடைசியாக, கிளை தன் தாளின் அடியில் போட்டிருக்கும் கூட்டுத்தொகையோடு என் கூட்டுத்தொகையைப் பொருத்திப் பார்ப்பேன். பொருந்தாத கிளைக்குப் போன் போட்டு, “03/04 என்று இருக்கிற 87-ஆம் பில், மார்ச்சா ஏப்ரலா சொல்லுங்க” என்று வரியைக் காட்டிக் கேட்க முடிகிறது. பில் புத்தகத்தைப் புரட்டி அவர்களும் உடனே சொல்லிவிடுகிறார்கள்.