சாரல் விழுந்ததும் மாறிய அண்ணாச்சி

குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போட நான் கற்றுக்கொண்டது தென்காசிக்கார அண்ணாச்சி ஒருவரிடம். மாசி, பங்குனியில் அருவி நூலாக வற்றிக் கிடக்கும். கடையில் கூட்டம் இருக்காது. அப்போது அவர் எனக்குக் கூட்டாளி. ஒரே பைக்கில் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டா சாப்பிடுவோம். வீட்டுக் கடன், மகள் படிப்பு என்று எல்லாவற்றையும் என்னிடம் சொல்லுவார்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் ஆள் மாறிவிட்டார். "ஏல, சத்தத்தக் கேளுல, என் மூஞ்சியப் பாக்காத" என்று வந்தவர்கள் முன்னால் கத்தினார். பழைய நெருக்கத்தில் பேச்சுக் கொடுத்தால் பதிலே வராது. வெறும் முதலாளி திட்டியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

அவர் கேட்கச் சொன்ன எண்ணெய்ச் சத்தத்தில்தான் தொழில் இருக்கிறது. தோல் நீக்கிய காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்து, காய்ந்த தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே பிடித்து நேராகச் சீவ வேண்டும். விழுந்ததும் எண்ணெய் நுரைத்துப் பொங்கும். காயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. நுரை குறையும்போது உப்புத் தண்ணீரைத் தெளித்தால் மறுபடியும் படபடக்கும். அந்தப் படபடப்பு முழுக்க அடங்கிய பிறகுதான் அரித்தெடுக்க வேண்டும். முந்தினால் உள்ளே ஈரம் நிற்கும், குற்றாலத்துச் சாரல் காற்றில் சீக்கிரமே நமுத்துவிடும். பிந்தினால் சிவந்து கசக்கும். பேச்சு நடந்துகொண்டிருந்தால் அடங்குகிற அந்த நொடி காதில் விழாது. அடுப்படியில் அவர் என் பேச்சுக்குப் பதில் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் எல்லாச் சிடுசிடுப்புக்கும் அடுப்பு காரணமில்லை. ஆடியில் ஒருநாள் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். வந்த வண்டிகள் திரும்பிவிட்டன. காலையில் போட்ட சரக்கு டப்பா டப்பாவாகத் தேங்கிக் கிடந்தது. அண்ணாச்சி ஒரு சிப்ஸை எடுத்து, "வேகவே இல்ல, ஒனக்கு எத்தன தடவ சொல்லுதேன்" என்றார். நானும் ஒன்றை ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது, நடுவில் வளையவில்லை, விரலில் எண்ணெய் பிசுக்கவில்லை. சரக்கில் குறை இல்லை. சீசன் வியாபாரத்தை வைத்தே வருஷ வாடகை கட்டுகிறவருக்குத் தடை நீளும் ஒவ்வொரு மணி நேரமும் பயம்தான். அதையும் அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அதற்காக அந்தப் பயத்தை என் கைவேலைமேல் இறக்கியது நியாயம் என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை.

ராத்திரி ஷட்டர் இறக்கிய பிறகு, "அண்ணாச்சி, எது தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கிடுதேன். அருவி மேல உள்ள கோவத்த என் மேல காட்டாதீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகும் கத்தினார். ஆனால் "எண்ண காயல", "சீவல் தடிமனா விழுது" என்று காரணத்தோடு கத்தினார். லேசாகப் பழுத்த காயில் இனிப்பு ஏறியிருக்கும், மொறுமொறுப்பு வரும் முன்பே சிவந்துவிடும், அதைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதையும் அப்படியொரு கத்தலில்தான் தெரிந்துகொண்டேன்.