எதிர்பார்க்கும் சம்பளமும் முன்னறிவித்தற் காலமும்

2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ஹுன்னஸ்கிரியச் சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைக் கண்டேன். பல்லேகலையிலுள்ள நிறுவனமொன்றிற்குக் கணக்கு உதவியாளர் தேவை. ஈற்று வரி இதுதான்: எதிர்பார்க்கும் சம்பளத்தையும் முன்னறிவித்தற் காலத்தையும் கடிதத்திலேயே குறிப்பிடுக. கல்வித் தகைமை, அனுபவம், மொழியறிவு ஆகியவற்றையெல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்த எனக்கு, அந்த ஒற்றை வரி இரண்டு இரவுகளைத் தின்றது. பின்னர் நான் எழுதிய விடை ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபாயையும் தின்றது. அந்தக் கணக்கையே இங்கு எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இக்கேள்வி அந்நியமானது. எங்கள் தாய்மாரிடம் எவரும் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டதில்லை. சம்பளம் கொழும்பில் தீர்மானமாகும். மலைக்கு அது செய்தியாகவே வந்து சேரும். ஆகவே விலை சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. கூடக் கேட்டால் கடிதத்தைக் கிழித்தெறிவார்களோ என்ற அச்சம் ஒருபுறம். குறைத்துக் கேட்டால் வாழ்நாள் முழுவதும் அதிலேயே நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் நடுவில் நான் எழுதியது: "மாதச் சம்பளம் 85,000 ரூபாய் எதிர்பார்க்கிறேன். இரண்டு வாரங்களுக்குள் கடமையேற்க முடியும்."

அப்போது நான் கண்டி நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அடிப்படைச் சம்பளம் 60,000, போக்குவரத்துக் கொடுப்பனவு 8,000, ஒரு நாளும் தவறாது வந்தால் வரவு ஊக்குவிப்பு 7,000, ஆக 75,000. பத்தாயிரம் கூட்டிக் கேட்டால் போதுமென நினைத்தேன். நேர்முகத்தில் அவர்கள் பேரம் பேசவேயில்லை. கேட்டதைக் கேட்டபடி தந்தார்கள். அந்த உடன்பாட்டின் வேகத்தையே நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

நியமனக் கடிதம் வந்தது. மொத்தம் 85,000 தான். ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 50,000, மீதி 35,000 பலவகைக் கொடுப்பனவுகள். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் அங்கே அடிப்படைச் சம்பளத்தின்மீது மட்டுமே கணிக்கப்பட்டன. கைக்கு வருவது கூடிற்று என்பது உண்மை. பழைய இடத்தில் என் பங்கான எட்டு வீதம், அதாவது 4,800 ரூபாய் போக 70,200 கிடைத்தது. புதிய இடத்தில் 4,000 போக 81,000. ஆனால் எசமானர் சேமலாப நிதிக்குச் செலுத்தும் பன்னிரண்டு வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் செலுத்தும் மூன்று வீதமும் சேர்ந்து, 9,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் குறைந்துவிட்டன. ஆண்டிறுதி மிகையூதியமும் அடிப்படையை வைத்தே. நான் "சம்பளம்" என்று எழுதினேன். அவர்கள் அச்சொல்லைத் தமக்கு வசதியானபடி பொருள்கொண்டார்கள். அதிற் பொய் எதுவும் இல்லை. சொல்லைத் திறந்து வைத்தவன் நானே.

இதை வீட்டிற் சொன்னபோது அம்மா சிரித்தாள். "எழுநூத்தி முப்பதுன்னு சொன்னப்ப நாங்க மொதல்ல கேட்டதே அடிப்படை எவ்வளவுன்னுதானே. நீ படிச்சவன், கேக்கலியா?" 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை அவள் நினைவூட்டினாள். அன்று அறிவிக்கப்பட்ட 730 ரூபாய் நாட்சம்பளத்தில் அடிப்படை 500 மட்டுமே. எஞ்சியவை வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30. கொழுந்து குறைந்தால் ஒன்று போகும்; வரவு குறைந்தால் இன்னொன்று போகும். மலையில் ஒவ்வொரு லயத்திலும் தெரிந்திருந்த இவ்வுண்மை, பட்டம் பெற்று நகரத்து மேசையில் அமர்ந்த எனக்கு மறந்துபோயிற்று.

ஆயினும் பெரிய இழப்பு சம்பள வரியில் இல்லை. "இரண்டு வாரங்களுக்குள்" என்ற அடுத்த வரியில்தான் இருந்தது.

பழைய நிறுவனத்தில் நான் சேர்ந்தது 2019 ஜனவரி 2 ஆம் நாள். என் நியமனக் கடிதத்தில், விலகுவதாயின் ஒரு மாத முன்னறிவித்தல் அல்லது அதற்கு ஈடான அடிப்படைச் சம்பளம் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஊக்கமுள்ளவன் என்று காட்டுவதற்காகவே இரண்டு வாரம் என்றேன். அவர்களும் அதைப் பற்றிக்கொண்டு நவம்பர் 15 இல் வரச் சொன்னார்கள். நவம்பர் முதலாம் நாள் இராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். குறைந்த அரை மாதத்திற்கு 30,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி அது நியாயமே. அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் இருக்கிறார். எத்தனையோ பேருக்குச் சேமலாப நிதிப் பத்திரங்களும் பணிக்கொடை விண்ணப்பங்களும் நிரப்பிக் கொடுத்தவர். டிசம்பரில் அவரைக் கண்டபோது, நான் வேலை மாறியதைக் கேட்டு முதலில் அவர் கேட்டது சம்பளத்தையல்ல.

"தம்பி, அங்க எத்தன வருசம்?"

"நாலு வருசமும் பத்து மாசமும், ஐயா."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு சேவையைப் பூர்த்தி செய்த ஊழியர், தாமாகவே விலகினாலும் பணிக்கொடைக்கு உரியவராவார். மாதச் சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டிற்கும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாத அளவு. என் கணக்கில் ஆண்டிற்கு 30,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 150,000 ரூபாய். ஐந்தாண்டு நிறைவதற்கு ஏழு வாரங்களுக்கு முன் நான் வெளியேறினேன். சட்டம் அந்தக் குறைக்கு இரங்காது.

அன்று மாலை அவர் தமது திண்ணையில் என்னை உட்கார வைத்து, செப்டெம்பரில் நான் எழுதியிருக்க வேண்டிய பந்தியை எழுதச் சொன்னார். பயனற்ற பயிற்சி என்று முதலில் எனக்குத் தோன்றிற்று, இருந்தும் எழுதினேன். "தற்போது பெறும் சம்பளம் 75,000" என்று நான் தொடங்கியதும் பேனையைத் தடுத்தார். "கேக்காதத ஏன் சொல்ற?" விளம்பரம் எதிர்பார்ப்பதைத்தான் கேட்டது, இப்போது பெறுவதைக் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். சம்பளப் பட்டியலைப் பின்னர் கேட்பார்கள், கூட்டிச் சொன்ன தொகை அங்கே பிடிபடும். இருவருமாகத் தேறிய பந்தி இது:

"அடிப்படைச் சம்பளமாக மாதம் 70,000 முதல் 75,000 ரூபாய் வரை எதிர்பார்க்கிறேன், கொடுப்பனவுகள் இதற்குப் புறம்பானவை. பதவியின் கடமைகளை முழுமையாக அறிந்தபின் இதைப் பற்றிப் பேச ஆயத்தமாக உள்ளேன். என் தற்போதைய ஒப்பந்தத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். 2024 ஜனவரி 8 ஆம் நாள் முதல் கடமையேற்கலாம்."

இவ்வளவுதான். "அடிப்படை" என்ற ஒரு சொல் சேர்ந்ததும், 85,000 ரூபாயை எப்படியும் பிரித்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. இரு தொகைகள் சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு: விண்ணப்பிப்பவர் மேல் எண்ணை நினைத்துக்கொண்டு எழுதுகிறார், வாசிப்பவர் கீழ் எண்ணை மட்டுமே காண்கிறார். எனவே கீழ் எண், அதைத் தந்தால் மனக்குறையின்றி ஏற்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். 60,000 முதல் 90,000 வரை என்று அகலமாக எழுதுவது, 60,000 போதும் என்று எழுதுவதே. திகதி விடயத்தில், ஜனவரி 8 ஏன் என்று விளக்க வேண்டிய கடமை எனக்கில்லை. ஒரு மாதம் என்பது ஒப்பந்தம். எந்நாளில் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பது என்பது என் உரிமை. டிசம்பர் முதல் வாரத்தில் கொடுத்திருந்தால் ஐந்தாண்டும் நிறைந்திருக்கும், முன்னறிவித்தலும் நிறைந்திருக்கும்.

அக்கேள்விகளுக்கு விடையே எழுதாமல் விட்டிருந்தால் என்ன என்று சிலர் கேட்பர். புதிய நிறுவனத்தில் ஓராண்டின் பின், விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் வேலை என்னிடமே வந்தது. மேலதிகாரி ஒரு துண்டுத் தாளில் உச்சத் தொகையையும் ஆள் தேவைப்படும் திகதியையும் எழுதித் தருவார். தொகையை வெகுவாகத் தாண்டியவை ஒரு கட்டு. திகதிக்குப் பொருந்தாதவை ஒரு கட்டு. இரண்டையும் சொல்லாதவை, விளம்பரத்தைச் சரிவர வாசிக்காதவர்களின் கட்டு. "பேசித் தீர்மானிக்கலாம்" என்று மட்டும் எழுதியவையும் பெரும்பாலும் அம்மூன்றாம் கட்டிலேயே போய்ச் சேரும். ஏனைய கடிதங்கள் போதிய அளவு இருந்தால் அக்கட்டை எவரும் அவிழ்ப்பதில்லை. உச்சத் தொகையைச் சற்றே தாண்டியவற்றையோ மேலதிகாரி தாமே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

2025 இல் என் தங்கை திகனையிலிருந்து வேறிடம் செல்ல விரும்பியபோது இந்தப் பந்தியையே தன் எண்களுடன் எழுதினாள். எழுதுமுன் தன் நியமனக் கடிதத்தைத் தேடியெடுத்து, முன்னறிவித்தல் ஒரு மாதமன்று, தகுதிகாண் காலம் முடிந்தபின் இரண்டு மாதம் என்பதைக் கண்டுகொண்டாள். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது என்று ஒரு நிறுவனம் கைவிட்டது. மற்றொன்று அழைத்தது, அவள் கேட்ட அடிப்படையில் மூவாயிரம் குறைத்தது, அவள் ஏற்றாள். தொகை குறைந்தாலும் அது அடிப்படையாகவே நின்றது.

என் பழைய கடிதத்தின் பிரதியைப் பெரிய கிளாக்கர் வாங்கி வைத்திருக்கிறார். வேலை தேடும் பிள்ளைகள் அவரிடம் வரும்போது, பெயரை மடித்து மறைத்துவிட்டு அந்த இரண்டு வரிகளை மட்டும் காட்டுகிறாராம். எனக்கு அதில் ஆட்சேபமில்லை.