மைக்கின் முதுகைப் பம்பைக்குக் காட்டுங்கள்

தாம்பரம் கிழக்கில் இறங்கி வேளச்சேரி சாலையில் போகும் பேருந்தில் ஏறினால், சேலையூர், கேம்ப் ரோடு தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் வந்துவிடும். செம்பாக்கம் நகராட்சிக்குள் இருந்த ஊர், 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் போய்விட்டது. அடுக்குமாடிகளும் டிபன் கடைகளும் நிறைந்த சாலை அது. ஆனால் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் அதை விட்டு உள்தெருவுக்குத் திரும்பினால் வேப்பிலைத் தோரணமும் கூழ் அண்டாவும் கண்ணில் படும். நண்பர் என்னை அழைத்தது அப்படி ஒரு தெருவுக்குத்தான். அவருக்கு இரண்டு ஒலிப்பதிவுகள் வேண்டும். ஒன்று, கரகம் ஜோடிக்கும்போது பம்பைக்காரர் பாடும் அம்மன் வர்ணிப்பு. இன்னொன்று, ஊர்வலம் வாசலுக்கு வரும்போது பக்கத்து வீட்டு ஆயா சொல்லும் கோயில் கதை. இரண்டிலும் மேளம் கேட்க வேண்டும். ஆனால் சொல் ஒன்றுகூட மேளத்தில் மூழ்கக் கூடாது.

முந்தைய ஆண்டு கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினார். அடி விழுந்த மறுகணம் ஆயாவின் குரல் பள்ளத்தில் இறங்குகிறது. மெல்ல ஏறி வருவதற்குள் அடுத்த அடி. இது மேளத்தின் குற்றமல்ல. கைபேசி தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பறையின் ஓர் அடியைக் கேட்டதும் மொத்த ஒலியையும் இறக்கிவிடும். கூடவே குரலும் இறங்கும். இப்படிப் பதிவானதை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. அதனால் முதல் வேலை, தானியங்கி அளவை அணைத்துவிட்டுக் கையால் அளவு வைப்பது. மேளக்காரர்கள் ஒத்திகை அடிக்கும்போது அவர்களுடைய உச்ச வேகத்தை அடிக்கச் சொல்லி, அந்த உச்சத்தில் மீட்டர் முள் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தேன். சாமி வந்தபின் அடி இன்னும் பலக்கும். அதற்குத்தான் அந்த இடைவெளி.

இதில் ஒரு பொறி உண்டு. இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் அளவே வைக்க வேண்டாம் என்பார்கள். கருவிக்குள் உடையும் ஒலிக்கு அது பொருந்தும். மைக்கின் சவ்வே தாங்காமல் உடைந்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. கண்டுபிடிப்பது எளிது: அளவைக் குறைத்துப் பதிந்தாலும் கரகரப்பு குறையவில்லை என்றால் உடைவது மைக். அப்போது மேளத்தை விட்டுத் தள்ளிப் போக வேண்டும், அல்லது மேடைப் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் வகை மைக்குக்கு மாற வேண்டும். பலத்த சத்தத்தை அது நன்றாகவே தாங்கும்.

கோயில் முன்னால் மூன்று விதத் தாளம் இருந்தது. பூசாரியோடு வந்த பம்பையும் உடுக்கையும், ஊர்வலத்துக்கான பறை, இளைஞர்கள் பணம் சேர்த்து அழைத்திருந்த செண்டை மேளம். சத்தத்தில் செண்டைதான் பெரியது. ஆனால் சொல்லைத் தின்பதில் பறைக்கு முதலிடம். பறைக்கு இரண்டு குச்சி. தடித்த அடிக்குச்சி தோலில் எழுப்பும் முழக்கம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. குரலுக்கு அது அவ்வளவு பகையில்லை. மெல்லிய சிண்டுக்குச்சி எழுப்பும் 'சட்' என்ற வெட்டொலி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பரவுகிறது. ட, ச, க போன்ற வல்லின எழுத்துகளை நம் காது பிரித்தறிவதும் ஏறக்குறைய அதே பகுதியில்தான். அதனால்தான் பறைக்குப் பக்கத்தில் ஒருவர் பேசினால் குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை. இந்த மோதலைப் பின்னால் சுருதிவாரியாக வெட்டித் தீர்க்க முடியாது. வெட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பம்பைக்காரர் சிக்கல் இன்னும் நெருக்கமானது. பாடுகிறவரும் அடிக்கிறவரும் ஒரே ஆள். பம்பை இடுப்பில் தொங்குகிறது. வாய்க்கும் அதற்கும் இரண்டடிதான். சினிமாப் படப்பிடிப்பில் கம்பு மைக்கைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது வழக்கம். இங்கே அப்படிப் பிடித்தால் மைக் வாயைப் பார்க்கும்போதே நேர் கீழே பம்பையையும் பார்க்கும். ஒருபக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக் தனக்கு முன்னால் இருப்பதை நன்றாகக் கேட்கும். தனக்கு நேர் பின்னால் இருப்பதை மிகக் குறைவாகக் கேட்கும். எனவே தலைகீழாக்கினேன். பம்பைக்கும் நெஞ்சுக்கும் முன்னால், கீழேயிருந்து மேல்நோக்கி, முகவாய்க்கு அரைச் சாண் கீழே மைக்.

"அங்க வெச்சா கை இடிக்குமே சார்," என்றார் பம்பைக்காரர்.

"ரெண்டு கையும் பக்கவாட்டுலதானே வருது? நடுவுல நிக்கிறேன். இடிச்சா ஒதுங்கிடறேன்ணே."

கணக்கைப் பாருங்கள். மேலிருந்து பிடித்தால் வாய்க்கு 30 செ.மீ., பம்பைக்கு 90 செ.மீ. கீழிருந்து பிடித்தால் வாய்க்கு 15, பம்பைக்கு 45. இரண்டிலும் விகிதம் ஒன்றுக்கு மூன்று. தூரத்தால் கிடைக்கும் லாபம் இரண்டிலும் 10 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் மைக்கின் முதுகில் இருக்கிறது. முதுகு பம்பையைப் பார்க்கும்போது நடுச் சுருதிகளில் 15 டெசிபல் அளவுக்காவது பம்பை இன்னும் இறங்கும். பதிவில் வர்ணிப்பின் ஒவ்வொரு சொல்லும் முன்னால் நின்றது; பம்பை பின்னால் நின்று தாளம் கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் பல பாட்டு மைக்குகள் சூப்பர் கார்டியாய்டு வகை. அவற்றுக்கு நேர் முதுகில் கொஞ்சம் காது உண்டு. செவிட்டுப் பகுதி பின்பக்கம் இருபுறமும் சாய்வாக, முகப்பிலிருந்து 125 பாகை அளவில் இருக்கும். பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துக் குழம்ப வேண்டாம். ஒருவரை அடிக்கச் சொல்லி மைக்கைக் கையில் சுழற்றிக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். அடி எங்கே மெலிகிறதோ அதுதான் உங்கள் மைக்கின் செவிட்டுக் காது. சற்றுத் தள்ளி நின்று இதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்றால் அடி ஹெட்போனைத் தாண்டி நேராகவே காதுக்கு வந்துவிடும். ஊர்வலத்துக்கு நடுவிலும் ஹெட்போனை நம்பாமல் மீட்டரைப் பார்த்தேன். மேளம் நின்றபோதெல்லாம் பதிவைப் போட்டுக் கேட்டேன்.

கரகம் புறப்பட்டது. ஆயா வீட்டு வாசலுக்கு வரும்போது பறைக்குழு ஏறக்குறைய எட்டு மீட்டர் தள்ளி நின்றது. ஒரு பறை ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டரில் 82. சத்தமாகப் பேசும் ஆயாவின் குரல் ஒரு மீட்டரில் 70. மைக் ஒரு மீட்டரில் இருந்தால் மேளம் 12 டெசிபல் மேலே. அதே மைக்கை வாய்க்கு 5 செ.மீ. அருகே கொண்டுபோனால் குரல் 96 ஆகிறது. இப்போது குரல் 14 டெசிபல் மேலே. ஆயா கத்தவில்லை, மேளக்காரர் கையை மெலிக்கவில்லை. நகர்ந்தது மைக் மட்டும். நான்கு பறை சேர்ந்தால் இன்னும் 6 டெசிபல் மேளத்துக்குப் போகும். அப்போதும் குரலே முன்னால் நிற்கும்.

அத்தனை அருகே பிடித்தால் இரண்டு தொல்லை வரும். 'ப' என்று சொல்லும்போது மூச்சுக்காற்று மைக்கில் இடிக்கும். அதற்குப் பஞ்சு உறை போட்டு, வாய்க்கு நேரே பிடிக்காமல் உதட்டோரமாகப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, ஒருபக்க மைக்கை வாயருகே வைத்தால் குரலின் கீழ்ச் சுருதி ஊதிப் பெருக்கும். இந்தத் தொல்லையே நமக்கு வரம். கீழ்ச் சுருதியை வெட்டும் வடிகட்டியைப் போட்டால் ஊதிய குரல் இயல்புக்குத் திரும்பும். தூரத்து மேளத்தின் முழக்கமோ ஊதியதே இல்லை, ஆகவே அது உண்மையாகவே வெட்டுப்படும். பி.பி.சி. விளையாட்டு வர்ணனையாளர்களுக்காக உருவாக்கிய உதட்டு மைக் இதே தத்துவத்தில் இயங்குகிறது. அதன் மேல்விளிம்பை மேலுதட்டில் ஒட்டிப் பிடிப்பார்கள்; வாய்க்கும் ரிப்பனுக்கும் உள்ள தூரம் 5 செ.மீ. சொச்சத்தில் மாறாமல் இருக்கும். அரங்கமே இரைந்தாலும் வர்ணனை தெளிவாக வருவது அதனால்தான்.

"இதை வாயில வெக்கணுமா தம்பி? ஐஸ் மாதிரி இருக்குது," என்று ஆயா சிரித்தார். ஒருமுறை முகவாயில் தொட்டுக் காட்டியதும் பழகிவிட்டார். நிற்கும் இடத்தையும் மாற்றினோம். வாசலுக்கு எதிரே சிமென்ட் சுவர். மேளம் அதில் மோதி மைக்கின் முகத்துக்கே திரும்பி வந்தது. இரண்டு சுவருக்கு நடுவே மைக்கின் முதுகு பயனற்றுப் போகும். தூரக் கணக்கும் அங்கே பொய்க்கும். பக்கத்தில் காலி மனை இருந்தது. மேளத்துக்கும் மைக்குக்கும் நடுவே ஆயா நிற்காதபடி, மைக்கின் முதுகு தெருவைப் பார்க்க, முகம் மனையைப் பார்க்க, அவரை ஓரமாக நிறுத்தினோம். அதற்கப்பால் எதிரொலிக்க எதுவும் இல்லை.

இத்தனைக்கும் மேல், ஊர்வலமே இடைவெளி தருகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தீபாராதனை முடிந்து தட்டு கைமாறும்போது மேளம் நிற்கும். பறைத் தோல் தளர்ந்துவிட்டால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். அது சில நிமிடம். பறையடிப்பவரிடம் முன்பே கேட்டு வைத்தால், அடுத்துக் காய்ச்சப்போவது எந்த முனையில் என்று சொல்லிவிடுவார். ஆயாவின் கதையில் பெயர்களும் முறைகளும் வரும் பகுதியை அந்த நேரத்துக்கு ஒதுக்கினோம். மேளத்தைத் தனியே, யாரும் பேசாத இடத்தில், சில நிமிடம் பதிந்துகொண்டேன். தொகுக்கும்போது குரலுக்கு அடியில் எவ்வளவு மேளம் வேண்டும் என்பது நம் கையில் இருக்கும். குரலோடு ஒட்டிப் பதிந்த மேளத்தைப் பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவை பிரித்துக் கொடுக்கும் குரலில் வல்லினங்கள் மழுங்கிப்போவதைத்தான் கேட்கிறேன்.

அருள் வந்து ஆடுகிறவரின் வாயருகே மட்டும் மைக்கை நீட்டக் கூடாது. பூசாரியிடம் முன்னதாகவே சொல்லி, எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொண்டால் போதும். அந்தக் குரல் தூரத்திலிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவே நமக்கு.

அடுத்த ஆடியில் உங்கள் தெருவில் பம்பை ஒலித்தால், புதுக் கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். கைபேசியில் தானியங்கி அளவை அணைக்க முடிகிற ஒரு செயலி, ஒரு சாதாரணப் பாட்டு மைக், இரண்டையும் இணைக்க ஒரு யூஎஸ்பி இணைப்பி போதும். மைக்கை வாயருகே கொண்டுபோய் அதன் முதுகை மேளத்துக்குக் காட்டுங்கள். வர்ணிப்பு தெரிந்த பம்பைக்காரரையும் கதை தெரிந்த ஆயாவையும் அந்த ஆடியிலேயே பதிந்துவிடுங்கள்.