வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவார்களாம்

நேர்காணல் முடிந்து எழும்போது அநேகமாக எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வி, "எப்போ சொல்வீங்க?" என்பதுதான். நாங்களும் ஒரு தேதி சொல்வோம். பதினோரு வருடங்களாகச் சென்னையில் ஆளெடுக்கும் வேலையில் இருக்கிறேன். அப்படிச் சொன்ன தேதிகளில் தவறாமல் காப்பாற்றப்பட்டவற்றை எண்ணுவது சுலபம், அவ்வளவு குறைவு. பட்ஜெட் ஒப்புதல் வந்திருக்காது. நேர்காணல் செய்தவரில் ஒருவர் விடுப்பில் போயிருப்பார். முதலில் தேர்வானவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்றிருப்பார். இதெல்லாம் நடக்கிறதுதான். தேதி தள்ளிப்போகிறது என்பதை யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுவதும் நடக்கிறதுதான். அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு நிறுவனம் "வெள்ளிக்கிழமை சொல்லிவிடுகிறோம்" என்றது. அதை அப்படியே வீட்டில் சொன்னேன். சென்னைக்குப் போகலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் மூன்று மாதம் நடந்து, அம்மா ஒரு வழியாக அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். வெள்ளி போனது. திங்கள் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி, "சொல்லிடுவாங்கன்னு சொன்னியேம்மா?" என்றார். மூன்றாவது வாரம் பெரியப்பா ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். அந்த நிறுவனம் எனக்கு இன்றுவரை பதில் போடவில்லை. அங்கே என்னைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதியில் சொல்கிறோம்" என்று இரண்டு வரி வந்திருந்தால், அம்மா அதை வைத்து இன்னும் இரண்டு வாரம் பேசியிருப்பாள்.

பெண்ணுக்குக் கிடைக்கும் அனுமதி பல வீடுகளில் இப்படித்தான், ஒரு தேதியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. விடுதிக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரின் ரயில் டிக்கெட், "அதுவரைக்கும் பார்ப்போம்" என்று கணவர் ஒத்துக்கொண்டது, எல்லாமே அந்தத் தேதியை நம்பி நிற்கின்றன. தேதி சத்தமில்லாமல் காலாவதியாகும்போது அனுமதியும் சத்தமில்லாமல் காலாவதியாகிறது.

எங்கள் பக்கத்தில் நடப்பது வேறு. முடிவு தள்ளிப்போனால் செய்தி நின்றுவிடுவதில்லை, சிலருக்கு மட்டும் போகிறது. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் மேனேஜரோடு ஒரே கல்லூரியில் படித்தவராக இருப்பார். இன்னொருவர் எங்கள் குழுவில் இருக்கும் நண்பரோடு கீழே டீக்கடையில் நின்று பேசுவார். "ஃபைனான்ஸ்ல மாட்டியிருக்கு மச்சி, ரெண்டு வாரம் ஆகும்" என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கையில் இருக்கும் மற்ற வாய்ப்பை அதற்கேற்ப நிறுத்திவைப்பார். அந்த டீக்கடையில் நிற்காதவர்கள், அநேகமாகப் பெண்கள், வீட்டில் உட்கார்ந்து மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். கேட்டால் அவசரக்காரி என்று நினைப்பார்களோ என்று கேட்கமாட்டார்கள். அதனால்தான் தள்ளிப்போகும் செய்தியை ஷார்ட்லிஸ்டில் இருக்கும் எல்லோருக்கும், ஒரே நேரத்தில், ஒரே வார்த்தைகளில் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். மேனேஜருக்குப் பிடித்தவருக்குத் தனியாக ஒரு போன், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற வழக்கத்தை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஒரு ஜூன் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குழுத் தலைவர் பதவிக்கு இரண்டு இடங்கள், ஏழு பேர் ஷார்ட்லிஸ்டில், அவர்களில் நான்கு பேர் பெண்கள். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை சொல்வதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். 10ஆம் தேதி, இரண்டாவது இடத்துக்கான ஒப்புதல் இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. மேனேஜர் "அடுத்த வாரம்னு போட்டுடுங்க" என்றார். "அடுத்த வாரம்" என்பது தேதி கிடையாது. திங்களும் அடுத்த வாரம்தான், வெள்ளியும் அடுத்த வாரம்தான். ஐந்து நாளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

புதிய தேதியைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதலில், யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோமோ அவரிடமே கேட்டேன். ஒப்புதல் கூட்டம் 19ஆம் தேதி வியாழன் என்றார். அது கையெழுத்தாகி எங்களிடம் வர வெள்ளி ஆகும். சம்பளக் கணக்கைச் சரிபார்க்க திங்கள் வேண்டும். ஆக 23. அதற்கு மேல் ஒரு நாள் சேர்த்து 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை என்று வைத்தேன். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எட்டக்கூடிய முதல் நாளைச் சொன்னால் அது மறுபடி தவறும். ஒரு நாள் முன்னால் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை.

அடுத்த வேலை, பட்டியலைச் சுத்தம் செய்வது. ஏழு பேரில் ஒருவரை எடுக்கப்போவதில்லை என்று நேர்காணல் குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அவரையும் சேர்த்து "முடிவு தள்ளிப்போகிறது" என்று எழுதினால் அது பொய். அவருக்குத் தனியாக, முதலில், இல்லை என்ற பதில் போனது. மீதி ஆறு பேருக்கும் 11ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மெயில் அனுப்பினேன். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அனுப்பினால் சந்தேகம் கேட்கத் திங்கள்வரை யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆறு முகவரிகளையும் Bcc கட்டத்தில் போட்டேன். To கட்டத்தில் போட்டால் ஒவ்வொருவர் பெயரும் மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். ஒரே துறையில் வேலை தேடுபவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பார்கள். அந்தப் பெண் வேலை தேடுகிறாள் என்ற செய்தி அவளுடைய இப்போதைய அலுவலகத்துக்கு மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். முன்பின் தெரியாத ஆண்களிடம் அவளுடைய சொந்த மெயில் முகவரியும் போய்விடும்.

அலுவலக ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் மெயில் இதுதான்:

"வணக்கம். குழுத் தலைவர் பதவிக்கான முடிவை ஜூன் 13 வெள்ளிக்கிழமை தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தோம். அந்தத் தேதியில் தெரிவிக்க இயலாது. பதவிக்கான ஒப்புதல் எங்கள் பக்கத்தில் இன்னும் முடியவில்லை. உங்கள் நேர்காணலுக்கும் இந்தத் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை. ஜூன் 24 செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள், தேர்வானாலும் ஆகாவிட்டாலும், ஒவ்வொருவருக்கும் பதில் வரும். இதற்கிடையில் மற்றொரு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி உங்களுக்கு இருந்தால் எனக்கு எழுதுங்கள். அதைக் கேட்பது உங்கள் தேர்வைப் பாதிக்காது. இந்த மெயில் இறுதிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் ஒரே வடிவில் அனுப்பப்படுகிறது."

இதில் மேனேஜர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "உங்கள் பெயர் மிகவும் வலுவான பரிசீலனையில் இருக்கிறது." மறுத்துவிட்டேன். இடம் இரண்டு, ஆட்கள் ஆறு. ஆறு பேரிடமும் அதைச் சொன்னால் நான்கு பேர் அதை நம்பி வேறு வேலையை விடக்கூடும். "சில எதிர்பாராத காரணங்களால்" என்றும் எழுதவில்லை. அப்படி எழுதினால் பெண்கள் முதலில் தேடுவது தங்களிடம் இருக்கும் குறையைத்தான். கல்யாணம் எப்போது என்று கேட்டார்களே, அதற்குச் சொன்ன பதில் தப்போ என்று யோசிப்பார்கள். ஆளெடுப்பதில் பெண்ணென்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தும், அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. காரணம் எங்கள் பக்கம் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று மதியமே ஒரு பெண் பதில் எழுதினார். கையில் இன்னொரு ஆஃபர் இருக்கிறது, 18ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். எங்கள் பட்டியலில் அவர் எத்தனையாவது இடம் என்று நான் சொல்ல முடியாது. அது அப்போது முடிவாகவும் இல்லை. சொல்லக்கூடியதைச் சொன்னேன்: 24க்கு முன்னால் எங்களிடமிருந்து ஒன்றும் வராது, ஆகவே அங்கே ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் பாருங்கள், கேட்பது வழக்கம்தான். அவகாசம் தரவில்லை என்றால் கையில் இருப்பதை எங்களுக்காக விட்டுவிடும்படி நான் சொல்லமாட்டேன். அவர் கேட்டார். "இன்னொரு நிறுவனத்தின் முடிவு 24ஆம் தேதி தெரியும்" என்று காட்ட அவரிடம் ஒரு தேதி இருந்ததால் 25வரை கொடுத்தார்கள்.

24ஆம் தேதி ஒரே இடத்துக்குத்தான் ஒப்புதல் வந்திருந்தது. அந்தப் பெண் எங்களிடம் தேர்வாகவில்லை. மாலை நாலரைக்கு அவருக்கு எழுதினேன். மறுநாள் அவர் அந்த இன்னொரு வேலையை ஏற்றுக்கொண்டார். நாங்கள் பேசாமல் இருந்திருந்தால், 18ஆம் தேதி எங்களை நம்பி அதை விட்டிருக்கலாம்.

புதிய தேதியும் தவறுவதுண்டு. அப்போது முந்தின நாளே மறுபடி எழுத வேண்டும், செய்தி ஒன்றுமில்லை என்றாலும். மூன்றாவது முறை தேதி கேட்கும் நிலை வந்தால் நான் தேதியே கொடுப்பதில்லை. "இப்போதைக்கு எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், இடம் திறந்தால் நாங்களே கூப்பிடுகிறோம்" என்று எழுதிவிடுவேன். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் வீட்டில் சொல்வதற்கு அதுவும் ஒரு பதில்.

வேலை தேடும் பெண்களுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஒன்றிரண்டு உண்டு. தள்ளிப்போகும் மெயில் வந்தால் அதில் நாளும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். "விரைவில்", "அடுத்த வாரம்" என்று மட்டும் இருந்தால், எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம் என்று ஒரே வரியில் பதில் கேளுங்கள். சொன்ன நாள் கடந்துவிட்டால் அடுத்த வேலை நாள் காலையில் எழுதுங்கள். ஆண்கள் அன்று மாலையே போன் செய்துவிடுகிறார்கள், அவர்களை யாரும் அவசரக்காரர்கள் என்று குறித்துவைப்பதில்லை. முக்கியமாக, கையில் ஆஃபர் லெட்டர் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். மூன்று மாத நோட்டீஸ் என்றால் இன்னும் யோசியுங்கள். தள்ளிப்போகிறது என்று சொல்லும் மெயில் எவ்வளவு மரியாதையாக எழுதப்பட்டிருந்தாலும், அது தருவது ஒரு தேதியை மட்டும்தான். அந்தத் தேதியை அம்மாவிடம் காட்டலாம், விடுதியில் காட்டலாம், இன்னொரு நிறுவனத்திடம் காட்டி அவகாசம் கேட்கலாம். அதை வேலையென்று நினைத்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.